த்ரீ ட்வென்ட்டி வயர் எத்தனை ஸ்கொயர் எம்எம்? கேஜ் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்

முப்பது நாற்பது வருடப் பழைய வீட்டில் ஒரு ஹீட்டரோ ஏசியோ மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சார், உள்ளே த்ரீ ட்வென்ட்டி ஓடுது, அதையே மாத்திப் போட்டுடலாம்." சரி என்று கடைக்குப் போனால் அங்கே அந்தப் பெயரில் எதுவும் இருக்காது. பெட்டிகளில் 1, 1.5, 2.5, 4 ஸ்கொயர் எம்எம் என்றுதான் அச்சடித்திருக்கும். கடைக்காரரைக் கேட்டால் ஒருவர் "அது ஒன்றரை" என்பார், பக்கத்துக் கடையில் "இல்லைங்க, அது ரெண்டரை" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுச் சுவருக்குள் போகப்போவது ஒன்றுதான், அது எது என்பதை நான்கே பெருக்கல்களில் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அந்தப் பெயரைப் பிரித்துவிடுவோம். 3/20 என்று எழுதுவது பின்னம் இல்லை. முதல் எண் வயருக்குள் எத்தனை கம்பி இழைகள் இருக்கின்றன என்பது, இரண்டாவது எண் ஒவ்வோர் இழையின் கேஜ். ஆக 3/20 என்றால் இருபதாம் கேஜ் கம்பி மூன்றை முறுக்கி மேலே உறை போட்டது. செவன் ட்வென்ட்டி, அதாவது 7/20, அதே கம்பியில் ஏழு. 1/18 என்றால் பதினெட்டாம் கேஜில் ஒற்றைக் கம்பி, முறுக்கே கிடையாது. பழைய வீடுகளில் லைட் பாயிண்டுகளுக்கு 1/18 அல்லது 3/22, பவர் பிளக்குக்கு 3/20, மெயினிலிருந்து வரும் லைனுக்கு 7/20 அல்லது 7/18 என்று ஓடியிருக்கும்.

இந்த கேஜ் என்பது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு வயர் கேஜ். 1884 மார்ச் 1 முதல் பிரிட்டனில் சட்டப்படியான அளவாக வந்தது, அவர்கள் ஆண்ட இடங்களுக்கெல்லாம் கூடவே போனது. கம்பியை ஒரு துளை வழியாக இழுத்து மெலியவைத்து, அதைவிடச் சிறிய துளையில் மறுபடி இழுத்து, இப்படியே போவதுதான் கம்பி செய்யும் முறை. எத்தனையாவது இழுப்பு என்பதிலிருந்து பிறந்த எண்கள் என்பதால்தான் கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலிகிறது. 22 என்பது 20-ஐவிட மெல்லியது, 16 என்பது 18-ஐவிடத் தடிமன். புதிதாகப் பார்ப்பவர்கள் தலைகீழாக எடுத்துக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு விஷயம், எண்களுக்கு இடையே ஒரே சீரான இடைவெளி கிடையாது. 18-ஆம் கேஜின் விட்டம் 0.048 அங்குலம், 19 என்பது 0.040, 20 என்பது 0.036. முதல் படியில் எட்டு குறைகிறது, அடுத்த படியில் நான்குதான் குறைகிறது. அதனால் கேஜ் எண்ணை எடுத்து ஏதோ ஒன்றால் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி ஒரு சூத்திரம் இதற்கு இல்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் இத்தனை அங்குலம் என்று எழுதிவைத்த பட்டியலைப் பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நல்லவேளை, வீட்டு வயரிங்கில் நமக்கு வேண்டியது நான்கே எண்கள்: 16-க்கு 0.064 அங்குலம், 18-க்கு 0.048, 20-க்கு 0.036, 22-க்கு 0.028.

இனி கணக்கு. அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். இருபதாம் கேஜுக்கு 0.036 × 25.4 = 0.9144, அதாவது 0.91 மில்லிமீட்டர் சொச்சம். இது விட்டம். ஆனால் கரண்ட் எவ்வளவு போகலாம் என்பதைத் தீர்மானிப்பது விட்டம் இல்லை, கம்பியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்பு. பரப்பு இரண்டு மடங்கானால் கம்பியின் மின்தடை பாதியாகும், அதே கரண்டுக்கு உண்டாகும் சூடும் பாதியாகும். கடைப் பெட்டியில் இருக்கும் ஸ்கொயர் எம்எம் என்பது இந்தப் பரப்புதான். வட்டத்தின் பரப்பு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், விட்டத்தை வைத்து எழுதினால் பை-யை நான்கால் வகுத்த 0.7854 வரும்:

```
A = n × 0.7854 × d × d
```

இதில் n இழைகளின் எண்ணிக்கை, d ஓர் இழையின் விட்டம் மில்லிமீட்டரில், A சதுர மில்லிமீட்டரில் வரும் மொத்தப் பரப்பு. இருபதாம் கேஜுக்கு 0.9144 × 0.9144 = 0.836, அதை 0.7854-ஆல் பெருக்க 0.657. மூன்று இழை என்பதால் 1.97. ஆக த்ரீ ட்வென்ட்டி என்பது ஒன்றரையும் இல்லை, இரண்டரையும் இல்லை, இரண்டுக்கு ஒரு மயிரிழை குறைவு. கடைக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னதன் காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

விட்டத்தைத் தன்னாலேயே பெருக்குகிறோம் என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் பரப்பில் பெரிதாகிவிடும். இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் விட்டத்தில் 0.2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பரப்போ ஒன்று 0.657, மற்றது 0.397. அதாவது இருபதாம் கேஜ் கம்பியில் இருபத்திரண்டைவிட ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றே குறைவான செம்பு இருக்கிறது. அதனால் கண் மதிப்பில் "இது ட்வென்ட்டிதான்" என்று முடிவு கட்டுவது சரிப்படாது.

பழைய வீட்டில் கிடைக்கக்கூடிய வயர்களுக்கு இதே கணக்கைப் போட்டால் இப்படி வரும்:

```
வயர்     ஓர் இழை (மி.மீ)    மொத்தப் பரப்பு (ச.மி.மீ)
1/18     1.22              1.17
3/22     0.71              1.19
3/20     0.91              1.97
7/22     0.71              2.78
7/20     0.91              4.60
7/18     1.22              8.17
7/16     1.63              14.53
```

இந்தப் பட்டியலில் ஒன்றுகூட இன்றைய 1, 1.5, 2.5, 4, 6, 10, 16 என்ற வரிசையோடு சரியாகப் பொருந்தவில்லை. எல்லாமே இரண்டு எண்களுக்கு நடுவில் விழுகின்றன. அப்படியானால் மேலே போவதா, கீழே இறங்குவதா? நான் பார்த்தவரை குழப்பமெல்லாம் இங்கேதான், பெருக்கலில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை.

நீங்கள் கேட்கும் கேள்வி எது என்பதைப் பொறுத்து விடை மாறும். பழைய வயர் சுவருக்குள் அப்படியே இருக்கப்போகிறது, அதில் எவ்வளவு லோடு கொடுக்கலாம் என்பது கேள்வியானால் கீழே இறங்குங்கள். 3/20 என்பதை 1.5 என்று எண்ணிக்கொண்டு, 1.5-க்கு என்ன அனுமதியோ அதை மட்டும் கொடுங்கள். அந்த வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக எதைப் போடுவது என்பது கேள்வியானால் மேலே போங்கள், அதே 3/20-க்குப் பதிலாக 2.5 வாங்குங்கள். பலர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். இருக்கும் வயரை "அது ரெண்டரைதானே" என்று உயர்த்தி நினைத்துக்கொண்டு பெரிய லோடு கொடுக்கிறார்கள், புதிது வாங்கும்போது காசு மிச்சம் என்று ஒன்றரையில் நிறுத்திவிடுகிறார்கள். 1.97 இருந்த இடத்தில் 1.5 போட்டால் செம்பில் கால்பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

அதேபோல 7/18-ஐ "ஆறு" என்று சொல்வது வழக்கத்தில் உண்டு. உண்மைக் கணக்கு 8.17. ஆறு போட்டால் இதிலும் கால்பங்குக்கு மேல் குறைகிறது. பழைய மெயின் லைன் அந்தப் பரப்பை நம்பி ஓடிக்கொண்டிருந்தால், இப்போது வீட்டில் எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்க்காமல் ஆறுக்கு இறங்கக் கூடாது. 7/20-ஐ நாலு என்பது மட்டும் ஓரளவு பரவாயில்லை, 4.60-லிருந்து 4-க்கு வருவதில் எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது, அந்த லைனில் 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் கூடினால் தானே விழும் சுவிட்ச், இருந்தால் நாலே போதும். சுருக்கமாக, கேஜ் கணக்கு பழைய வயர் என்ன என்பதைத்தான் சொல்லும், புதிய வயர் என்னவாக இருக்க வேண்டும் என்பதை அந்த லைனில் வரப்போகும் லோடும் அதற்கு முன்னால் இருக்கும் எம்சிபியும் சொல்ல வேண்டும். லோடு தெரியாவிட்டால் மட்டும் மேலே போகும் விதி உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம், உள்ளே ஓடுவது த்ரீ ட்வென்ட்டிதானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எலக்ட்ரீஷியன் அனுபவத்தில் சொல்வார், சரியாகவும் இருக்கலாம், இருந்தாலும் அளந்துவிடுவது நல்லது. மெயினை ஆஃப் செய்யுங்கள், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள், ஏனென்றால் மெயின் போனாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்து ஒவ்வொரு முனையையும் பார்த்த பிறகு வயர் முனையில் உறையைச் சீவி, முறுக்கைப் பிரித்து, இழைகளை எண்ணுங்கள். மிகப் பழைய ரப்பர் உறை வயர்களில் செம்பின் மேல் வெள்ளீயம் பூசி இருப்பார்கள், கம்பி வெள்ளையாகத் தெரிவதை வைத்து அலுமினியம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். கத்தியால் லேசாகச் சுரண்டினால் சிவப்பு தெரிந்துவிடும்.

ஓர் இழையை மட்டும் எடுத்து, முறுக்கில் வளைந்த இடத்தை விட்டு நேராக இருக்கும் இடத்தில் ஸ்க்ரூ கேஜ் வைத்து இரண்டு மூன்று முறை அளந்தால் போதும். விட்டத்தில் வரும் பிழை பரப்பில் இரண்டு மடங்காகும், 5 சதவீதம் தவறாக அளந்தால் பரப்பு 10 சதவீதம் தவறும். ஹார்டுவேர் கடையில் விளிம்பெல்லாம் பிளவுகள் வெட்டிய வட்டத் தகடு ஒன்று கிடைக்கும், அதுதான் வயர் கேஜ் தகடு. அதில் அளவு என்பது விளிம்பில் இருக்கும் ஒடுக்கமான பிளவு, பிளவின் உள்முனையில் இருக்கும் பெரிய வட்ட ஓட்டை இல்லை. ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் பார்த்தால் எல்லா வயரும் தப்பாகத்தான் காட்டும். வாங்கும்போது அது எந்த கேஜுக்கான தகடு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியும் இல்லையா, ஒரு பென்சிலும் ஸ்கேலும் போதும். ஓர் இழையைப் பென்சிலில் பத்துச் சுற்று, இடைவெளியே இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. சுற்றின் மொத்த நீளத்தை ஸ்கேலில் பார்த்துப் பத்தால் வகுத்தால் விட்டம் கிடைக்கும். இருபதாம் கேஜ் என்றால் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, இருபத்திரண்டு என்றால் 7 மில்லிமீட்டர், பதினெட்டு என்றால் 12 மில்லிமீட்டர் வரும். ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ள வழியில்லை, அதனால்தான் இந்த முறை எனக்குப் பிடிக்கும். பென்சிலில் பத்துச் சுற்றுக்கு ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் இழை தேவைப்படும். போர்டில் அவ்வளவு நீளம் கிடைக்காவிட்டால் ஒரு மெல்லிய ஆணியில் சுற்றலாம், எதில் சுற்றினாலும் ஸ்கேலில் பார்க்கும் சுற்றின் நீளம் மாறாது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஏழு இழையையும் பிரிக்காமல் முறுக்கோடு சேர்த்து வெளி விட்டத்தை அளந்து, அதை ஒரே கம்பி மாதிரி சூத்திரத்தில் போடுவது. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று அடுக்கியிருப்பதால் ஏழு இழைக் கட்டின் வெளி விட்டம் ஓர் இழையைப்போல மூன்று மடங்கு. 7/20-க்கு அது 2.74 மில்லிமீட்டர் வரும், அதை வைத்துப் பரப்பைக் கண்டால் 5.9 என்று காட்டும், உண்மையோ 4.6. இழைகளுக்கு நடுவில் இருக்கும் காற்றையும் செம்பாக எண்ணிவிட்டோம் என்று பொருள். உறையோடு சேர்த்து அளப்பது இதைவிட மோசம், பழைய வயர்களில் உறை அத்தனை தடிமனாக இருக்கும்.

இப்போது ஒரு முழுக் கணக்கு. குளியலறையில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்ட வேண்டும், அதன் மேல் 3000 வாட் என்று போட்டிருக்கிறது. 230 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் 3000-ஐ 230-ஆல் வகுக்க 13 ஆம்பியர். மெயின் போர்டிலிருந்து குளியலறை வரை வயர் போகும் தூரம் 12 மீட்டர் என்று வைப்போம், போக வர 24 மீட்டர் செம்பு. ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.0175 ஓம். அதை 24-ஆல் பெருக்கினால் 0.42, அதைப் பரப்பால் வகுத்தால் நம் லைனின் மின்தடை.

உள்ளே ஓடுவது 3/20 என்று அளந்து தெரிந்துகொண்டோம். 0.42-ஐ 1.97-ஆல் வகுக்க 0.213 ஓம். 13 ஆம்பியர் போகும்போது வழியில் தொலையும் வோல்ட்டேஜ் 2.8, சுவருக்குள் சூடாக வெளிவருவது சுமார் 36 வாட். இதே இடத்தில் 3/22 இருந்திருந்தால் 0.35 ஓம், 4.6 வோல்ட், 60 வாட். 2.5 போட்டால் 2.2 வோல்ட், 28 வாட். 230-இல் நாலு வோல்ட் குறைந்தால் ஹீட்டருக்குப் பெரிய நஷ்டம் இல்லை, தண்ணீர் சூடாகத்தான் செய்யும். கவலை அந்த 60 வாட்டைப் பற்றித்தான். அது காற்றோட்டமே இல்லாத பைப்புக்குள், பூச்சுக்குக் கீழே, வயரின் உறையைத்தான் சுட்டுக்கொண்டிருக்கும். கம்பி சூடாக ஆக அதன் மின்தடையும் ஏறும், ஆகவே நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

வயர் கம்பெனிகளின் அட்டவணையில், பைப்புக்குள் போகும் செம்பு வயருக்கு 1.5 என்றால் ஏறக்குறைய 13, 14 ஆம்பியர், 2.5 என்றால் 18 முதல் 20, 4 என்றால் 24 முதல் 26 என்று கொடுத்திருப்பார்கள். நம் விதிப்படி இருக்கும் 3/20-ஐ 1.5 என்று எண்ணினால் 13 ஆம்பியர் என்பது எல்லையின் விளிம்பு. "சரி, விளிம்புக்குள்தானே இருக்கிறது" என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் எம்சிபி எங்கே என்ற கேள்வி வருகிறது. 10 ஆம்பியர் எம்சிபி போட்டால் ஹீட்டர் ஓட ஓடத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். 16 போட்டால், வயர் தாங்கும் அளவைவிட எம்சிபி பெரிதாகிவிடுகிறது, நாளை யாராவது அதே லைனில் இஸ்திரிப்பெட்டியைச் செருகினால் வயர் சூடேறும், எம்சிபி வேடிக்கை பார்க்கும். அதனால் இந்த ஹீட்டருக்கு இந்த 3/20 சரிப்படாது. 2.5 புதிதாக இழுத்து 16 ஆம்பியர் எம்சிபி போட வேண்டும், அதே பைப்பில் இன்னும் இரண்டு மூன்று லைன்கள் நெருக்கிக்கொண்டு போனால் 4 போட வேண்டும். இதே 3/20-இல் நாலு லைட்டும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடினால் தாராளமாக ஓடட்டும், 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி போதும். உறை நன்றாக இருந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைத்தால் பொரிந்து உதிரும் ரப்பர் உறைக்குள் எத்தனை செம்பு இருந்தாலும் அது மாற்ற வேண்டிய வயர்தான்.

கணக்கைச் சரியாகப் போட்டும் ஏமாறக்கூடிய இடங்கள் சில உண்டு. முதலாவது இணையத் தேடல். "18 கேஜ் எத்தனை மில்லிமீட்டர்" என்று தேடினால் மேலே வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்க கேஜ் அட்டவணை. அது வேறு கணக்கு. அமெரிக்க 18 என்பது 1.02 மில்லிமீட்டர், பரப்பு 0.82. நம் பழைய வயரின் 18 என்பது 1.22 மில்லிமீட்டர், பரப்பு 1.17. ஒரே எண்தான், முப்பது சதவீதம் வித்தியாசம். வீட்டு வயரிங்குக்கு வேண்டிய அளவுகளில் எண் ஒன்றாக இருந்தால் பிரிட்டிஷ் கேஜ்தான் தடிமனானது, அமெரிக்க 14-க்குப் பொருந்துவது பிரிட்டிஷ் 16. அட்டவணையின் தலைப்பில் எந்த கேஜ் என்று பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள். சரிபார்க்க எளிய வழி, 20-க்கு நேரே 0.914 இருந்தால் நமக்கு வேண்டிய பட்டியல், 0.812 இருந்தால் அமெரிக்கப் பட்டியல்.

இரண்டாவது இதைவிட நுட்பமானது. இந்தியாவில் அலுமினிய வயர் வீடுகளில் ஓடிய காலத்தில் 1/1.40, 1/1.80 என்றும் அளவுகள் இருந்தன. இங்கே சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது கேஜ் இல்லை, நேராக மில்லிமீட்டர். 1/1.80 என்றால் 1.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, பரப்பு 2.5. வாயால் சொல்லும்போதும் சீட்டில் எழுதும்போதும் புள்ளி விழுந்துபோனால் அது 1/18 ஆகிவிடும், அதன் பரப்பு 1.17 மட்டும்தான். பாதிக்கும் குறைவு. இலங்கையில் வயர் வாங்குபவர்களுக்கு இந்த மில்லிமீட்டர் முறைதான் பழக்கம், அங்கே 1/1.13, 7/0.67, 7/0.85 என்றே கேட்பார்கள், சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் அவை முறையே 1, 2.5, 4 சதுர மில்லிமீட்டர் என்று கச்சிதமாக வரும். ஆகவே சாய்கோட்டுக்குப் பின்னால் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முழு எண் என்றால் கேஜ், பட்டியலைப் பார்க்க வேண்டும். புள்ளியோடு இருந்தால் விட்டமே அதுதான், ஆனால் 7/.029 மாதிரி புள்ளிக்குப் பின்னால் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தால் அது பழைய அங்குலக் கணக்கு, 25.4-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

அலுமினியம் என்று தெரிந்துவிட்டால் பரப்பை அப்படியே செம்போடு ஒப்பிடக் கூடாது. ஒரே பரப்புக்கு அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல 1.6 மடங்கு. அதாவது 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் கொடுத்த வேலையை 2.5 செம்பு கொடுத்துவிடும், மாற்றும்போது பரப்பு குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். ஆனால் பாதி லைன் அலுமினியமாகவும் மீதி செம்பாகவும் விட்டு இரண்டையும் முறுக்கி டேப் சுற்றிவிடும் வேலை வேண்டவே வேண்டாம். அந்த இணைப்பு நாளடைவில் அரித்துத் தளர்ந்து, வயர் எத்தனை தடிமனாக இருந்தாலும் அந்த ஓர் இடத்தில் கருகும். மாற்றினால் போர்டிலிருந்து பாயிண்ட் வரை முழுதாக மாற்றுங்கள்.

கடைசியாக, வாங்கி வந்த புது வயரையும் இதே சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். இப்போதைய ஃப்ளெக்ஸிபிள் வயரில் மூன்று, ஏழு என்று தடித்த இழைகள் இல்லை, மெல்லிய 0.3 மில்லிமீட்டர் இழைகள் நிறைய இருக்கும். 1.5-க்கு 22 இழை, 2.5-க்கு 36, 4-க்கு 56 என்பது பரவலான அமைப்பு. 36 × 0.7854 × 0.3 × 0.3 போட்டால் 2.54 வரும். எண்ணிப் பார்த்து இழை குறைந்தால் உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி இழையின் தடிமனும் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும். தரநிர்ணயத்தில் 2.5 என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கட்டுப்பாடு மின்தடைதான்: 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு கிலோமீட்டர் வயருக்கு 7.98 ஓமுக்கு மேல் போகக் கூடாது, 1.5 என்றால் 13.3 ஓம். நீங்கள் வாங்கும் 90 மீட்டர் காயிலுக்கு இது 2.5-க்கு 0.72 ஓம், 1.5-க்கு 1.2 ஓம்.

காயிலின் இரண்டு முனையையும் சீவி மல்டிமீட்டரை வைத்தால் இது தெரிந்துவிடும். முதலில் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்து, மீட்டரின் சொந்த வயர்களுக்கு எத்தனை காட்டுகிறது என்று பார்த்து, பிறகு வரும் எண்ணிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள், சாதாரண மீட்டர்களில் இது 0.2, 0.3 ஓம் வரை இருக்கும், கழிக்காவிட்டால் நல்ல வயரும் மட்டமாகத் தெரியும். நம் ஊர் வெயிலில் வயர் 33 டிகிரியில் இருந்தால் ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும், அப்படியென்றால் 2.5 காயிலுக்கு 0.75 வரை வரலாம். சின்ன மீட்டரில் கடைசி எண் ஆடிக்கொண்டிருக்கும் என்பதால் 0.8 காட்டினால் சண்டைக்குப் போக வேண்டாம். 2.5 என்று எழுதிய காயில் 1 ஓமைத் தாண்டினால் உள்ளே செம்பு குறைவாக இருக்கிறது, அல்லது அது முழுச் செம்பே இல்லை, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஒரு முனையை வெட்டி, வெட்டிய முகம் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, சுவரில் இழுப்பதற்கு முன்பே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.